முகத்தைத் தொடாத நீலப்பச்சை

மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து மாம்பாக்கம் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் எடிட்டிங் அறை இருந்தது. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அவ்வப்போது ஒரு குறும்படம். இவைதான் வேலை. வருகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும். இளம் ஜோடிகள் செல்போனில் ஒரு ட்ரெய்லரை ஓடவிட்டு, “சுத்தி எல்லாம் நீலமா, முகம் மட்டும் தங்கமா இருக்கே, அப்படி வேணும்” என்பார்கள். குறும்படம் எடுக்கும் பையன்களும் கொஞ்சம் வயதானவர்களும், “பழைய ஃபிலிம் மாதிரி, வெளுத்த மாதிரி” என்பார்கள். முதலாவதைத் தொழிலில் டீல் அண்ட் ஆரஞ்ச் என்கிறோம். இரண்டாவது ஃபேடட் ஃபிலிம். இந்த இரண்டையும் ஒரே குடும்பத்துக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். மகளுக்கு முதலாவது. சில வருடம் கழித்து, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இரண்டாவது. நிறத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பாதி அந்த இரண்டு வேலைகளில் கிடைத்தவை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், ஃபிலிம் காலத்தில் சாலிகிராமத்தில் ஒரு கலர் லேபில் கிரேடிங் பார்த்தவர். அவர் காலத்து லேபில் நிறத்தைச் சரிசெய்வது என்றால், பிரின்ட் போடும் இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளின் அளவை மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை படிகள், நடுவில் 25. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முகத்தை மட்டும் தனியாகத் தொடுவது, வானத்தை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. அதனால் அவர் கண் எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் முதலில் போகும். “மொதல்ல முகம். அது சரியான இடத்துல நிக்கட்டும். அப்புறம் மத்தது எங்க போகுதுன்னு பாக்கலாம்” என்பார். கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் தனியாகப் பிரித்து மாற்றலாம் என்று ஆன பிறகும் அவர் அந்த வரிசையை மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

முகம் நிற்கும் இடம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. டாவின்சி ரிசால்வ் போன்ற கிரேடிங் மென்பொருளில் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டம் இருக்கும். படத்திலுள்ள நிறமெல்லாம் அதில் புள்ளிகளாக விழும். மையத்தில் நிறமே இல்லை. ஓரத்துக்குப் போகப் போக நிறம் அடர்த்தியாகும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, சிவப்பை ஒட்டி ஒரு கோடு போட்டிருப்பார்கள். மனிதத் தோல் எதுவாக இருந்தாலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் சொல்லும் வித்தியாசமெல்லாம் வெளிச்சத்திலும் அடர்த்தியிலும்தான் பெரிதாக இருக்கிறது. நிறத்தின் திசையில் வித்தியாசம் மிகக் கொஞ்சம். அந்தக் கோட்டை மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டினால் அது சயானுக்கும் நீலத்துக்கும் நடுவே, சயானை ஒட்டிப் போய் நிற்கும். அதுதான் டீல். முகத்துக்கு நேர் எதிரில் இருக்கும் நிறத்தைப் பின்னணிக்குக் கொடுத்தால் முகம் தானாகவே முன்னால் வந்து நிற்கிறது. டீல் அண்ட் ஆரஞ்ச் வேலைசெய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. காஞ்சிபுரத்தில் மயில்கழுத்து நிற உடலுக்கு அரக்கோ மாம்பழ மஞ்சளோ பார்டர் வைக்கும் நெசவாளர் செய்வதும் இதையேதான். சினிமாவில் இது பரவியது, முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் நிறம் மாற்ற முடிந்த பிறகு. ராஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ 2000-இல் வந்தது. கோடையில் பச்சைப் பசேலென்று கிடந்த மிசிசிப்பியைக் காய்ந்த வைக்கோல் நிறமாக மாற்றினார்கள். ஒரு நிறத்தை மட்டும் பிடித்து வேறு இடத்துக்கு நகர்த்தலாம் என்பதை எல்லோரும் அதில் பார்த்தார்கள். 2007-இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்த சமயத்தில் ஹாலிவுட்டின் பெரிய படங்களில் டீலும் ஆரஞ்சும் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தன.

மகளின் கிளிப்புக்கு வருகிறேன். மேடவாக்கம் ஏரிக்கரையில், சூரியன் இறங்கிய பின் எடுத்தது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, நல்ல கறுத்த நிறம். பெண் மாநிறம், மாம்பழ மஞ்சள் பட்டு. பின்னால் ஆகாயத்தாமரை மூடிய தண்ணீர், தூரத்தில் அடுக்குமாடிகள், சாலை விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். அந்த நேரத்தில் வானத்து வெளிச்சம் இயல்பாகவே நீலம், விளக்கு வெளிச்சம் மஞ்சள். நாம் செய்யப்போவதில் பாதியை மாலையே செய்துவைத்திருந்தது. கேமரா சோனி, எஸ்-லாக் 3 முறையில் பதிவு. லாக் முறையில் பதிவான படம் முதலில் பார்க்கும்போது சாம்பல் பூசியது போல் இருக்கும். வெளிச்சத்தின் இரு முனைகளையும் காப்பாற்றுவதற்காக எல்லாவற்றையும் நடுவில் நெருக்கி வைத்திருப்பார்கள். அதைச் சாதாரணத் திரைக்கான ரெக் 709-க்கு மாற்றும் படியைக் கடைசியில் வைத்துவிட்டு, சரிசெய்யும் வேலையை அதற்கு முன்னால் வைத்தேன்.

முதல் வேலை நடுநிலை. படத்தில் வெள்ளை எது, சாம்பல் எது என்று கண்டுபிடித்து, அதில் நிறம் ஏறாமல் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்தவன் வேட்டியைக் காட்டினான். நம் ஊரில் வேட்டியை நம்பக் கூடாது. சொட்டு நீலம் போட்டு வெளுத்த துணி அது. சோப்புத் தூளிலும் வெள்ளையைத் தூக்கிக்காட்டும் பொருள் இருக்கிறது. அந்த நீலத்தை நடுநிலை என்று எடுத்துக்கொண்டால், அதைச் சமன் செய்ய மென்பொருள் எல்லா இடத்திலும் மஞ்சளைச் சேர்த்துவிடும். முகங்கள் காமாலை கண்டது போல் ஆகும். கரையில் இருந்த பூசாத சிமென்ட் தடுப்பை வைத்துச் சமன் செய்தேன். பிறகு வெளிச்சம். வேவ்ஃபார்ம் அளவியில் மாப்பிள்ளையின் கன்னம் 40 சதவீதத்தை ஒட்டியும் பெண்ணின் கன்னம் 55-ஐ ஒட்டியும் வருமாறு வைத்தேன். இருவரையும் ஒரே வெளிச்சத்துக்கு இழுக்கவில்லை. இருவருக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசம் அவர்களுடையது.

இனிதான் தோற்றம். இணையத்தில் கிடைக்கும் டீல் அண்ட் ஆரஞ்ச் லட்டுகளில் பல ஒரே வழியில்தான் போகின்றன. படத்தை வெளிச்சத்தின்படி பிரிப்பார்கள். இருண்ட பகுதி, அதாவது ஷேடோ, முழுவதற்கும் டீல்; வெளிச்சமான பகுதி, ஹைலைட், முழுவதற்கும் ஆரஞ்சு. வெளுத்த முகங்களுக்கு இது ஓரளவு பொருந்திவிடும், ஏனென்றால் அந்த முகங்கள் வெளிச்சப் பக்கம் விழுகின்றன. நம் முகங்கள் அப்படி விழுவதில்லை. மாப்பிள்ளையின் கன்னம் 40-இல் இருக்கிறது. வெளிச்சம் படாத மறுகன்னம் 20-க்கும் கீழே. ஷேடோவுக்கு டீல் கொடுத்த உடனே அந்தக் கன்னத்தில் பச்சை ஏறுகிறது. ஆரஞ்சும் அதன் எதிர்நிறமும் ஒன்றையொன்று அழிப்பதால் தோலின் சூடு போய்ச் சாம்பல் மிஞ்சுகிறது. கறுத்த முகத்தில் சாம்பல் பூத்தால் ஆள் நோயாளி போல் தெரிவார். ஒரு படம் இப்படிக் கெட்டிருக்கிறதா என்று பார்க்க இருண்ட பக்கக் கன்னத்தையும் கழுத்துக்கடியையும் பார்த்தால் போதும்.

ஆகவே பிரிப்பதை வெளிச்சத்தின்படி செய்யாமல் நிறத்தின்படி செய்தேன். குவாலிஃபையரில் தோலின் நிறத்தைத் தொட்டுத் தேர்ந்து, அகலத்தைக் கூட்டிக் குறைத்து, ஓரங்களை மென்மையாக்கினேன். இருட்டில் இந்தத் தேர்வு புள்ளி புள்ளியாகத் துடிக்கும். அதற்குத் தேர்வைச் சுத்தப்படுத்தும் அளவுகோலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பிறகு அந்தத் தேர்வைத் தலைகீழாக்கி, தோல் நீங்கலான எல்லாவற்றுக்கும் மட்டும் டீல். அதிலும் அடிமட்டக் கறுப்பைத் தொடவில்லை. கர்வில் கீழ் முனையை அப்படியே பூட்டிவிட்டு, அதற்குச் சற்று மேலிருந்து சிவப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, நீலத்தையும் பச்சையையும் அதைவிடக் குறைவாக உயர்த்தினேன். முழுக் கறுப்பு கறுப்பாகவே நின்றால்தான் பக்கத்தில் இருக்கும் நீலப்பச்சை நிறமாகத் தெரியும். கறுப்பிலும் அது ஏறிவிட்டால் முழுப் படமும் ஒரே கண்ணாடித் தாளை ஒட்டியது போல் ஆகிவிடும்.

ஆகாயத்தாமரையின் பச்சைக்குத் தனி வேலை. Hue vs Hue கர்வில் பச்சையை மட்டும் பிடித்து நீலப்பச்சைப் பக்கம் சிறிது நகர்த்தி, Hue vs Sat கர்வில் அதன் அடர்த்தியைக் குறைத்தேன். கூட நகர்த்தினால் இலை பிளாஸ்டிக் ஆகிவிடும். இலை என்று கண்ணுக்குத் தெரியும் வரை மட்டுமே நகர்த்த வேண்டும். மஞ்சள் பட்டு அதே முறையில் ஆரஞ்சுப் பக்கம் கொஞ்சமாக நகர்ந்தது.

அப்போதுதான் அண்ணன் பின்னால் வந்து நின்று, “பொண்ணு நெத்தியைப் பாரு” என்றார். வகிட்டில் குங்குமம் இருந்தது. ஆனால் தோலோடு கலந்து, துடைத்த மாதிரி தெரிந்தது. டீல் அண்ட் ஆரஞ்ச் செய்யும்போது சூடான நிறங்களை எல்லாம் தோலின் கோட்டை நோக்கித் திரட்டுவது வழக்கம். அப்போதுதான் வெக்டர்ஸ்கோப்பில் இரண்டு பக்கமும் நீண்ட ஒரு குச்சி போல வரும், படமும் சுத்தமாகத் தெரியும். ஆனால் குங்குமத்தின் இடம் அந்தக் கோடு இல்லை. அது சிவப்பில், கோட்டிலிருந்து 20 பாகை அளவு தள்ளி இருக்கிறது. திரட்டும்போது அதுவும் ஆரஞ்சுக்குள் விழுந்துவிடுகிறது. வேறு ஊர்களில் செய்த தோற்றங்களில் இந்தக் கேள்வியே எழாது. நம் கல்யாணப் படத்தில் குங்குமமும், மருதாணியும், அரக்குப் பார்டரும் ஒவ்வொரு ஷாட்டிலும் இருக்கின்றன. சிவப்பை நகர்த்தாமல் பூட்டிவைத்துவிட்டு மஞ்சளை மட்டும் கோட்டின் பக்கம் கொண்டுவந்தேன். குச்சி அவ்வளவு ஒல்லியாக வரவில்லை. நெற்றியும் குங்குமமும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன் பிறகு எந்தப் படத்தை முடித்தாலும் இருண்ட கன்னம், குங்குமம் என்ற இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன்.

அதே வீட்டு அம்மா, அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கோடு பழைய ஆல்பம் ஒன்றையும் கொண்டுவந்தார். 1980-களில் நடந்த அவர்கள் கல்யாணத்தின் படங்கள். “அப்பாவுக்கு ஆசை தம்பி. இந்த போட்டோ மாதிரியே வீடியோவும் இருக்கணுமாம்” என்றார். ஆல்பத்தைத் திறந்தேன். எல்லாப் படமும் செம்மையும் பழுப்புமாக இருந்தது.

வெளுத்த ஃபிலிம் என்று கேட்கும்போது மனிதர்கள் இரண்டு வெவ்வேறு விஷயத்தை நினைக்கிறார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, சாயம் உண்மையிலேயே போன படம். கலர் ஃபிலிமிலும் கலர் போட்டோ தாளிலும் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகள். இருட்டில் கிடக்கும்போது பெரும்பாலும் முதலில் வெளுப்பது சயான். சயானின் வேலை சிவப்பு வெளிச்சத்தைத் தடுப்பது. அது போய்விட்டால் சிவப்பு தடையில்லாமல் வருகிறது. இலையின் பச்சை சயானும் மஞ்சளும் சேர்ந்தது, ஆகவே பழுப்பாகிறது. வானம் சயானும் மெஜந்தாவும், அது இளஞ்சிவப்பாகிறது. சிவப்பு நிறம் மெஜந்தாவும் மஞ்சளும் மட்டும் என்பதால் அதற்கு எதுவும் ஆவதில்லை. சிறுவயதில் தாம்பரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் பழைய ஈஸ்ட்மென் கலர் படங்களை மறுவெளியீட்டில் பார்க்கும்போது வயல்கூடச் செம்மண் நிறத்தில் இருந்ததற்கு இதுதான் காரணம். 1964-இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டலில் சீர்செய்யப்பட்டு 2012-இல் மறுபடி வந்தபோது, நீலம் நீலமாக இருந்ததைப் பார்த்து அரங்கில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, எடுக்கும்போதே வெளுத்ததாக எடுத்த படம். 1971-இல் ‘மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்’ படத்துக்கு வில்மோஸ் ஸிக்மண்ட், நெகட்டிவை டெவலப் செய்வதற்கு முன் மிக மெல்லிய வெளிச்சத்தில் ஒருமுறை காட்டினார். ஃபிளாஷிங் என்று பெயர். கறுப்பு மேலே ஏறிப் புகை படிந்தது போல் ஆகும், நிறங்கள் தணியும். எந்தச் சாயமும் காணாமல் போகாது. இன்று மென்பொருளில் கறுப்பை உயர்த்திச் செய்யும் வெளுப்பு இதன் வழியில் வந்தது. அதில் ஷேடோவுக்கு லேசான பச்சையோ நீலமோ கொடுப்பது வழக்கம். சாயம் போன படமோ சிவந்து நிற்கும். அதாவது இரண்டும் எதிரெதிர்த் திசை.

ஆல்பத்தைப் பார்த்ததால் முதலாவது வழியில் போனேன். சிவப்புக் கர்வின் கீழ்ப்பாதியை உயர்த்தினேன். மேல் முனையைத் தொடவில்லை. வெள்ளைப் பகுதியில் சயான் முதலிலேயே இல்லை, ஆகவே அங்கே இழக்கவும் எதுவும் இல்லை. நிஜமாகச் சாயம் போன படத்திலும் இருட்டும் நடுப்பகுதியும்தான் அதிகம் சிவக்கின்றன. பச்சையின் அடர்த்தியைக் குறைத்தேன். வெள்ளையில் மிக லேசாக மஞ்சள். ஒரு நிமிடக் காட்சியைத் தயார்செய்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்துவிட்டு, “என் புடவை என்ன இப்படி ஆயிடுச்சு?” என்றார். அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் கட்டியிருந்தது இலைப்பச்சைப் பட்டு, அரக்கு பார்டர். திரையில் அது மரப்பட்டை நிறத்தில் இருந்தது. ஆல்பத்தைக் காட்டி, இதிலும் அப்படித்தானே இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அதுவும் பச்சைதான் தம்பி. அதே மாதிரி வேணும்னுதான் இதைத் தேடி எடுத்தோம்.”

ஆல்பத்துப் படத்தை ஸ்கேன் செய்து பார்த்தேன். 0 முதல் 255 வரையான அளவில் மிக இருண்ட இடத்தில் பச்சையும் நீலமும் 30-ஐ ஒட்டி இருந்தன, சிவப்பு மட்டும் 90-இல் நின்றது. சயான் போனதன் அடையாளம் அதுவே. சிவப்பின் கறுப்பு முனையை மற்ற இரண்டோடு சேர்த்து இறக்கியதும் முகங்கள் தணிந்தன, புடவையின் மடிப்புகளில் பச்சை தலைகாட்டியது. மடிப்புகளில் சாயம் அடர்த்தியாக இருந்ததால் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வெளிச்சம் நேராகப் பட்ட தோள்பட்டையில் எதுவும் திரும்பவில்லை. அங்கே சயான் அறவே போய்விட்டது, இல்லாததை எந்தக் கர்வாலும் வரவழைக்க முடியாது. மடிப்பில் கிடைத்த பச்சையை அளந்து, அந்த நிறத்தையே தோளுக்கும் மென்மையாகத் தடவினேன். அரக்கு பார்டர் அத்தனை வருடமும் மாறாமல் இருந்தது. அம்மா சொன்னது அத்தனையும் சரி.

அப்பா ஆசைப்பட்ட பழமை வேண்டும்; அம்மாவின் பச்சையும் வேண்டும். ஆகவே வீடியோவில் சாயம் போன வழியைக் கைவிட்டு, ஃபிளாஷிங் வழிக்கு மாறினேன். கறுப்பை 6 சதவீதத்துக்கு உயர்த்தி, வெள்ளையை 90-இல் நிறுத்தினேன். கறுப்பை லிஃப்ட் சக்கரத்தால் ஒட்டுமொத்தமாகத் தூக்கவில்லை. அப்படித் தூக்கினால் அப்பாவின் கன்னத்து நிழலும் சேர்ந்து எழுந்து சாம்பலாகிவிடும். கர்வின் கடைசி நுனியை மட்டும் வளைத்து உயர்த்தி, அதற்கு மேலே பழைய சரிவை அப்படியே வைத்தேன், அந்தப் பகுதியில் நிறத்தின் அடர்த்தியையும் ஒரு துளி கூட்டினேன். குத்துவிளக்குச் சுடரைச் சுற்றி மெல்லிய செவ்வொளி சேர்த்தேன். ஃபிலிமில் பலமான வெளிச்சம் அடுக்குகளைக் கடந்து அடித்தளத்தில் மோதித் திரும்பும்போது, மிகக் கீழே இருக்கும் சிவப்பு உணர் அடுக்கைத்தான் முதலில் தொடும். அதனால் அந்த ஒளிவட்டம் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். ஹேலேஷன் என்பது இதுதான். கடைசியாகக் கிரெயின், நடுத்தர வெளிச்சத்தில் தெரியும்படியும் வெள்ளையில் தெரியாதபடியும்.

அப்பா பார்த்துவிட்டு, “நம்ம பழைய படம் மாதிரிதான் இருக்கு” என்றார். அம்மா புடவையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதிலிருந்து, நிறம் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் வேலைச் சீட்டில் இரண்டு பகுதியாக எழுதிக்கொள்கிறேன். மேலே, மாறக் கூடாதவை. அதை வாடிக்கையாளரைக் கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்கிறேன். கீழே, மாற்றப்போவது. அந்த வீட்டுச் சீட்டில் இருந்தது இது: முகம் கோட்டில், குங்குமம் சிவப்பு, புடவை பச்சை, கறுப்பு 6, வெள்ளை 90, ஷேடோவில் நிறம் இல்லை, சுடரில் செவ்வொளி, கிரெயின் நடுவில். டீலோ, வெளுப்போ, நாளை வரப்போகும் வேறு தோற்றமோ, மேல்பகுதியில் எழுதியது நிறைவேறிய பிறகே கீழ்ப்பகுதிக்கு வருகிறேன்.